மூன்று வருஷம் என்றால் எந்த நாளிலிருந்து? டிசைனர் முன்னால் வைக்கப்படும் என்.டி.ஏ.க்களில் எதை எடுப்பது

"அண்ணா, எட்டுப் பக்கம் இருக்குங்க. எல்லாம் வழக்கமா போடறதுதான்னு சொல்றாங்க. கையெழுத்துப் போட்டுடட்டுங்களா?"

கேட்டது கோயம்புத்தூரில் ஃப்ரீலான்ஸாக லேபிள், பேக்கேஜிங் டிசைன் செய்யும் ஒரு பெண். முன்பு என்னுடைய சின்ன ஸ்டூடியோவில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர், இப்போது தனியாகச் செய்கிறார். க்ளையன்ட் ஒரு பொடிக் கம்பெனி. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று ஆறு வகையை, தாங்களே வடிவமைத்த புது ஜாடியில் போட்டு 2026 பொங்கலுக்குக் கடைக்குக் கொண்டுவருவதாகத் திட்டம். அதற்கு ஆறு லேபிளும் ஒரு வெளிப்பெட்டியும் இவர் செய்ய வேண்டும். வேலை தொடங்கும் முன் என்.டி.ஏ., அதாவது எங்கள் ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒருமுறை படிக்காமல் கையெழுத்துப் போட்டு, மூன்று வருஷம் உழைத்த வேலையில் ஒரு படத்தைக்கூட எங்கும் காட்ட முடியாமல் போனவன். அதற்கப்புறம் வக்கீல் நண்பர் ஒருவரை அடிக்கடி தொந்தரவு செய்து, எனக்கு வந்த ஒவ்வொரு என்.டி.ஏ.வையும் வரிவரியாகப் பார்க்கப் பழகினேன். எட்டுப் பக்கத்தில் டிசைனருக்கு முக்கியமானவை இரண்டு கேள்விதான்: எது எது ரகசியம், எதுவரைக்கும் ரகசியம். இந்த இரண்டுக்கும் சந்தையில் புழங்கும் வடிவங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், எதைக் கேட்கலாம், எதற்கு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது தெரிந்துவிடும்.

முதலில் எது ரகசியம் என்பது. கம்பெனி அனுப்பிய வடிவம் "எல்லாம்" வகை. தமிழில் சொன்னால் இப்படி வரும்: வாய்மொழியாகவோ எழுத்திலோ வேறெந்த வழியிலோ கம்பெனி தரும் எல்லாத் தகவலும், அதிலிருந்து உருவாக்கப்படும் எல்லாமும் ரகசியத் தகவல். முதல் பாதியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம், எனக்கு அது பெரிதாகப் படவில்லை, ஏனென்றால் கம்பெனி சொன்னதை ஊருக்குச் சொல்லும் எண்ணம் நமக்கு எப்படியும் இல்லை. இடிப்பது "அதிலிருந்து உருவாக்கப்படும் எல்லாமும்" என்பதுதான். இவர் வரைகிற ஸ்கெட்ச், தள்ளுபடியான நாலு கான்செப்ட், கடைசியில் ஓகே ஆகிற லேபிள் எல்லாமே அதற்குள் போய்விடும். கம்பெனியின் ரகசியம் என்று ஆரம்பித்தது இவருடைய கைவேலையையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. லேபிளின் காப்புரிமை யாருக்கு என்பது வேறு கேள்வி, அதற்குத் தனியாக எழுத்து வேண்டும். ஆனால் காப்புரிமை முழுக்க உங்கள் கையிலேயே இருந்தாலும் என்.டி.ஏ. தடுத்தால் காட்ட முடியாது, அதனால் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது "முத்திரை" வகை. மேலே ரகசியம் என்று குறித்துக் கொடுத்தது மட்டும்தான் ரகசியம். வாயால் சொன்னதென்றால் இத்தனை நாளுக்குள், பெரும்பாலும் முப்பது நாள், அது ரகசியம்தான் என்று எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். இணையத்தில் ஃப்ரீலான்சர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள், காகிதத்தில் பார்த்தால் நமக்குத்தான் சாதகம். நடைமுறையில் நான் இதற்கு ஆதரவில்லை. நம்மூர் வேலை எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி பத்தரைக்கு முதலாளி வாய்ஸ் நோட் போடுகிறார், அவருடைய மச்சான் ஃபேக்டரியில் எடுத்த ஃபோட்டோவை ஃபார்வர்டு செய்கிறார், மார்க்கெட்டிங் பையன் எக்செல் ஷீட் அனுப்புகிறான். யாரும் எதிலும் ரகசியம் என்று குறிக்கப் போவதில்லை. அப்புறம் தகராறு வந்தால், குறிக்கவில்லை என்றாலும் இது ரகசியம் என்று பார்த்தாலே தெரியாதா என்ற வாதம் வரும், பல ஒப்பந்தங்களில் அதற்கும் ஒரு வரி ஏற்கெனவே ஒளிந்திருக்கும். ஆக, முத்திரை வகையில் கையெழுத்துப் போட்டவர் தனக்குப் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு அசட்டையாக இருப்பார், அதுதான் ஆபத்து.

மூன்றாவது "பட்டியல்" வகை. என்னென்ன ரகசியம் என்று வகை வகையாக எழுதிவிடுவது. இந்த வேலைக்கு நாங்கள் எழுதிப் பார்த்தபோது ஐந்தே வகைதான் வந்தது: பொடிகளின் செய்முறையும் அளவும், ஜாடியின் வடிவம், விலையும் கடைக்காரர்களுக்கான மார்ஜினும், சப்ளையர், விநியோகஸ்தர் பெயர்கள், கடைக்கு வரும் தேதியும் அதுவரை வெளிவராத லேபிள்களும். கம்பெனிக்கு உண்மையிலேயே கவலை தரக்கூடிய எல்லாமே இதில் அடங்கிவிட்டது. பட்டியல் போட இரண்டு தரப்பும் அரைமணி நேரம் உட்கார வேண்டும் என்பதுதான் இதன் ஒரே செலவு. இன்னொரு லாபம், வகை பிரித்துவிட்டால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் காலம் வைக்கலாம், "எல்லாம்" என்று எழுதினால் அது முடியாது.

எந்த வடிவமானாலும் விலக்குகள் என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்தது, நமக்கு முன்பே தெரிந்திருந்தது, வேறொருவரிடமிருந்து நேர்மையாகக் கிடைத்தது, அவர்கள் தகவலைத் தொடாமல் நாமே உருவாக்கியது, இந்த நான்கும் வழக்கமாக வரும், கூடவே கோர்ட்டோ சட்டமோ கேட்டால் கொடுக்கலாம் என்று ஒன்று. கம்பெனி அனுப்பியதில் முதல் விலக்கு மட்டும்தான் இருந்தது. டிசைனருக்கு இன்னொரு வரியும் வேண்டும்: என் பொதுவான திறமை, வேலைமுறை, நான் வழக்கமாகப் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டுகள் ரகசியத்தில் சேராது என்று. இல்லாவிட்டால் பொடி லேபிளுக்குப் போட்ட கிரிட்டை அடுத்த வருஷம் ஊறுகாய் லேபிளுக்குப் போடும்போது ஒரு சங்கடம் வரும்.

அப்புறம் யாருக்குக் காட்டலாம் என்பது. இதை யாரும் கவனிப்பதே இல்லை. லேபிள் ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும், டை-லைன் சரிபார்க்க பெட்டி செய்பவரிடம் காட்ட வேண்டும், கறிவேப்பிலைக் கொத்து வரைய இவர் இன்னொரு ஓவியரை வைத்துக்கொள்வார், பில்லை ஆடிட்டர் பார்ப்பார். கம்பெனியின் வரியை அப்படியே படித்தால் இவர் அச்சகத்துக்கு ஃபைல் அனுப்பிய நிமிஷமே ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிறார். வேலைக்குத் தேவையான ஆட்களுக்கு, தேவையான அளவு மட்டும் காட்டலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அவர்களும் ரகசியம் காக்க வேண்டும் என்று கம்பெனி கேட்டால் அது நியாயம், ஓவியரிடம் ஒரு மெயிலில் ஒப்புதல் வாங்கிவிடலாம்.

சரி, இப்போது காலம். இதில்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். "எத்தனை வருஷம்னு போட்டிருக்கு?" என்று கேட்டேன். "மூணு வருஷம்தாங்க அண்ணா, பரவால்லதானே?" என்றார். மூன்று வருஷம் எந்த நாளிலிருந்து என்று கேட்டபோது அமைதி.

தேதி போட்டுப் பார்ப்போம். 2025 ஜூன் 1 அன்று கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் டிசைன் வேலை முடிகிறது. 2026 ஜனவரியில் பொங்கலுக்குப் பொடிகள் கடைக்கு வந்துவிடுகின்றன. மார்ச் 10 அன்று கம்பெனியிலிருந்து ஒரு மெயில், பருப்புப் பொடி லேபிளில் எடை மாறுகிறது, புது விலையைப் போட்டுக் கொடுங்கள் என்று. அது ஒரு சின்னத் திருத்தம், ஆனால் புதுத் தகவல்.

கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று வருஷம் என்றால் 2028 மே கடைசியில் முடிகிறது. கடைசியாகத் தகவல் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம் என்றால் அந்த ஒற்றை மெயிலால் எல்லாமே 2029 மார்ச்சுக்குத் தள்ளிப்போகிறது, 2027-ல் இன்னொரு திருத்தம் வந்தால் இன்னும் தள்ளும், க்ளையன்ட் நல்லவராக இருந்து வருஷாவருஷம் வேலை கொடுத்தால் காலம் முடியவே முடியாது. ஒவ்வொரு தகவலுக்கும் அதது கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம் என்று எழுதுவதும் உண்டு. அது நியாயமாகத் தெரிந்தாலும் எந்தத் தகவல் எந்த நாளில் வந்தது என்று கணக்கு வைக்க வேண்டும், ஆறு மாத வாட்ஸ்அப்பில் யார் தேடுவது.

நான்காவது வகைதான் இவருக்கு வந்திருந்தது, அதில் இரண்டு கடிகாரம். ஒரு பத்தியில் இந்த ஒப்பந்தம் இரண்டு வருஷம் நடப்பில் இருக்கும் என்கிறார்கள். நாலு பக்கம் தள்ளி, ஒப்பந்தம் முடிந்த பின்னும் ரகசியம் காக்கும் கடமை மூன்று வருஷம் தொடரும் என்கிறார்கள். முதலாவது எந்தக் காலத்துக்குள் தரும் தகவல் இந்த ஒப்பந்தத்தில் சேரும் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது சேர்ந்ததை எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்பதை. இரண்டையும் கூட்டினால் 2030 மே கடைசி. இவர் "மூணு வருஷம்" என்று நினைத்தது உண்மையில் ஐந்து. நாலு வடிவத்திலும் எழுதியிருப்பது மூன்று என்ற அதே எண்தான், அதனால் எண்ணைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட எந்த நாளிலிருந்து என்பதற்குப் பேரம் பேசுவது லாபம்.

"முடிவில்லாமல், என்றென்றைக்கும்" என்று எழுதும் கம்பெனிகளும் உண்டு. பார்த்தவுடனே இது செல்லாது என்று நம் ஆட்கள் சொல்வார்கள், அப்படி ஒரே வெட்டாகச் சொல்ல முடியாது. பொடியின் செய்முறை மாதிரி ஒரு விஷயம் ரகசியமாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு, அதை மூன்று வருஷம் கழித்து வெளியே சொல்லலாம் என்று எந்த முதலாளியும் ஒத்துக்கொள்ள மாட்டார், நாமும் கேட்கக் கூடாது. ஆனால் கடைக்கு வரும் தேதியை என்றென்றைக்கும் ரகசியமாக வைப்பதில் அர்த்தம் இல்லை. ஒரே காலத்தை எல்லாவற்றுக்கும் மாட்டுவதுதான் பிரச்சினை.

கடைசியாக, வருஷத்தையே விட்டுவிட்டு ஒரு நிகழ்வைக் குறிப்பது. பொருள் கடைக்கு வரும் நாள்வரை என்று எழுதினால் லேபிளுக்கான கட்டுப்பாடு 2026 ஜனவரியோடு போய்விடும். டிசைனருக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை, இதை மறுக்கக் கம்பெனிக்கும் காரணம் கிடைப்பது கஷ்டம், கடையில் ஆயிரம் பேர் கையில் எடுத்துப் பார்க்கும் லேபிளில் என்ன ரகசியம்? ஒரே ஓட்டை, பொருள் கடைக்கு வராமலே போனால்? பாதி ப்ராஜெக்ட்கள் அப்படித்தான் சாகின்றன. அதனால் "கடைக்கு வரும் நாள், அல்லது கையெழுத்திலிருந்து பதினெட்டு மாதம், எது முந்தியதோ அது" என்று ஒரு வெளி எல்லையும் சேர்க்க வேண்டும்.

ஜாடிக்கு மட்டும் இந்த நிகழ்வு வேறு. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி ஒரு வடிவத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் விண்ணப்பத்துக்கு முன் அது வெளியாகியிருக்கக் கூடாது. இவர் மாக்கப் படத்தை ஆர்வத்தில் இன்ஸ்டாகிராமில் போட்டால், கம்பெனிக்கு அந்த ஜாடியைப் பதிவு செய்யும் வாய்ப்பே போய்விடலாம். அந்தக் கவலை நிஜமானது, அதற்கு மரியாதை கொடுத்து, விண்ணப்பம் போட்டதை அவர்கள் எழுத்தில் தெரிவிக்கும்வரை ஜாடியைக் காட்டமாட்டேன் என்று நாமாகவே எழுதிக் கொடுத்தால் மற்ற வரிகளில் அவர்கள் இளகுவார்கள்.

இவ்வளவு பேசியும் போர்ட்ஃபோலியோ பிரச்சினை தீரவில்லை என்பதுதான் வேடிக்கை. லேபிள் கடைக்கு வந்துவிட்டால் ஊருக்குத் தெரிந்தது என்ற விலக்கிலேயே அது வெளியே வந்துவிடுமே, அப்புறம் எத்தனை வருஷமானால் என்ன என்று இவரும் சரியாகத்தான் கேட்டார். ஆனால் கம்பெனியின் ஆறாம் பக்கத்தில் ஒரு வரி: இந்த ஒப்பந்தம் இருப்பதும், இரு தரப்புக்கும் உள்ள தொடர்பும்கூட ரகசியம். லேபிள் ஊருக்குத் தெரியும், அதைச் செய்தது நீங்கள் என்பது ஊருக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் தடை. நான் அன்றைக்கு மாட்டியது சரியாக இந்த வரியில்தான். அந்த லேபிள் ஒட்டிய டப்பா என் வீட்டு அலமாரியிலேயே இருந்தது, புது க்ளையன்ட் வந்து உட்காரும்போது அதைக் காட்டி இது நான் செய்ததுதான் என்று சொல்ல முடியவில்லை.

இடையில் சட்டம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவருடைய ஏழாம் பக்கத்தில் அடுத்த மூன்று வருஷம் வேறு எந்த மசாலா, பொடிக் கம்பெனிக்கும் வேலை செய்யக் கூடாது என்றும் இருந்தது. இது ரகசியம் காப்பது இல்லை, தொழில் செய்யாதே என்பது, என்.டி.ஏ. போர்வையில் வருகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கான தடையைக் கோர்ட்டுகள் ஏற்றதுண்டு, முடிந்த பின்னும் நீளும் தடையை ஏற்பதில்லை. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தன் பழைய ஏஜென்சியோடு மோதிய வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். ஆனால் எப்படியும் செல்லாது என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கோர்ட்டில் செல்லாத வரியை வைத்துக்கூட வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், பாக்கிப் பணத்தை நிறுத்தலாம், ஃப்ரீலான்சருக்கு அதுவே போதும். அந்த வரியையே அடித்து நீக்கச் சொல்லுங்கள்.

ரகசியப் பகுதிக்கு அந்த ஆறுதல் இல்லை. வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவரலாம் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2024-ல் தன் 289-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது, பரிந்துரைதான். அதனால் நம் கடமையின் அளவு பெரும்பாலும் நாம் கையெழுத்திடும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதிலிருந்துதான் வருகிறது. மீறினால் பத்து லட்சம் என்று போட்டிருந்தார்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74-ன்படி அது ஒரு உச்ச வரம்பு, கோர்ட் அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும், எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. இருந்தாலும் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் வேலைக்குப் பத்து லட்சமா என்று கேட்பதில் தப்பில்லை.

ஆக நான் இவருக்குச் சொன்னது கலவை வடிவம். ரகசியம் எது என்பதற்குப் பட்டியல். செய்முறைக்கும் அளவுக்கும், அது ரகசியமாக இருக்கும்வரை. விலை, மார்ஜின், சப்ளையர் விவரங்களுக்குக் கையெழுத்திட்ட நாளிலிருந்து இரண்டு வருஷம். லேபிளுக்கும் தேதிக்கும், கடைக்கு வரும்வரை அல்லது பதினெட்டு மாதம். ஜாடிக்கு, விண்ணப்பம்வரை. கூடவே தனி வரியாக, பொருள் கடைக்கு வந்த பின் இறுதி லேபிளின் படங்களையும் அதைச் செய்தது தான் என்பதையும் தன் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்பது. இந்தக் கடைசி வரி கிடைத்தால் மற்றதில் கம்பெனி சொல்வதற்கு ஒத்துப்போகலாம், ஐந்து வருஷம் என்றாலும்கூட, ஏனென்றால் சப்ளையர் பெயரை ஐந்து வருஷம் சொல்லாமல் இருப்பதில் டிசைனருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கிடைக்கவே இல்லை என்றால் கூலியை ஏற்றிக் கேளுங்கள் என்றேன். பெயர் வராத வேலைக்கு விலை வேறு, விளம்பர ஏஜென்சிகளுக்குப் பின்னால் இருந்து வரைகிறவர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

கம்பெனிக்காரர் பட்டியலுக்கு உடனே சரி என்றார். போர்ட்ஃபோலியோ வரிக்கு, கடைக்கு வந்து அறுபது நாள் கழித்துத்தான், தள்ளுபடியான கான்செப்ட்களைக் காட்டக் கூடாது என்றார். இவர் ஒத்துக்கொண்டார், நானாக இருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன். ஏழாம் பக்கம் அடிபட்டது. இரண்டு கடிகாரத்தை ஒன்றாக்க மட்டும் அவர்களுடைய வக்கீல் மூன்று நாள் எடுத்துக்கொண்டார்.

நான் இன்னொன்றும் சொல்லியிருந்தேன். லேபிளில் சேர்மானங்களை அதிக அளவிலிருந்து குறைந்த அளவு என்ற வரிசையில் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதற்கு வரிசை தெரிந்தால் போதும், ஊட்டச்சத்து அட்டவணையும் தயாராக வந்தால் போதும், எத்தனை கிராம் கடலைப்பருப்பு, எத்தனை கிராம் மிளகாய் என்பது டிசைனருக்கு எதற்கு? காலம் முடியாமல் நீளப்போவது அந்த ஒரு வகைதான், அது கைக்கே வராமல் இருந்தால் காக்க வேண்டிய சுமையும் இல்லை, நாளைக்கு வேறு யாராவது அதே ருசியில் பொடி போட்டால் இவர்மேல் சந்தேகமும் வராது. அதனால் அளவுகளை நீக்கிவிட்டு அனுப்புங்கள் என்று முதல் மெயிலிலேயே எழுதச் சொன்னேன்.

மறுநாள் காலை ஃபோன். "அண்ணா, நேத்து ராத்திரியே வாட்ஸ்அப்ல ஆறு பொடிக்கும் முழு ஷீட்டை அனுப்பிட்டாங்க, கிராம் கணக்கோட. நான் திறந்து வேற பாத்துட்டேங்க."

அழித்துவிட்டு, இந்த ஷீட் எனக்குத் தேவையில்லை, அழித்துவிட்டேன், அளவில்லாத பட்டியலை மெயிலில் அனுப்புங்கள் என்று இப்போதே ஒரு வரி எழுதிவிடும்மா என்றேன். எழுதினார். பதிலுக்கு ஒரு தம்ஸ்-அப் வந்தது, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒப்பந்தம் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வைத்திருக்கிறார்.